மூன்று வட்டங்களும் ஒரு கணக்கெடுப்பும்

ஜார்ஜ்டவுனில் நூறு பேரிடம், எம்மொழி நாளிதழ் படிக்கிறீர்கள் என வினவியதாகக் கொள்வோம். தமிழ் 45, மலாய் 50, ஆங்கிலம் 40. தமிழும் மலாயும் 20, தமிழும் ஆங்கிலமும் 15, மலாயும் ஆங்கிலமும் 18, மூன்றும் 8.

முதல் மூன்றின் கூட்டல் 135. இருமொழி வாசகர் அதில் இருமுறை எண்ணப்பட்டுள்ளனர். எனவே 53ஐக் கழிக்கிறோம். மும்மொழி வாசகரோ மும்முறை சேர்ந்து மும்முறை நீங்கியமையால் அடியோடு மறைந்துவிட்டனர். அவர்களை மீளச் சேர்த்தால் 90. எதுவும் படியாதோர் பதின்மர்.

மாணவர் இடறுமிடம் வேறு. 20 பேரில் அந்த எண்மரும் அடக்கம். ‘தமிழும் மலாயும் மட்டும்’ என்னும் பகுதிக்குரியது 12தான். இதனை மறந்து, வெட்டுப் பகுதிகளில் 20, 15, 18 என்றே எழுதினால், ஆங்கிலம் மட்டும் படிப்போர் 40 − 15 − 18 − 8, அதாவது −1 ஆவர்! முறையாகக் கழித்தால், 40 − 7 − 10 − 8 = 15.