சாய்கோட்டில் தெரியும் வெப்பக் கணக்கு

காளவாயில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது எரிபொருளின் வெப்பம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒரு பங்கு கல்லைச் சூடாக்குகிறது. இன்னொரு பங்கு கல்லைச் சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. இந்த இரண்டாவது பங்குதான் அந்த வினையின் என்தால்பி. அதை மட்டும் தனியே அளப்பது எப்படி? வெப்பத்தையே அளக்காமல், அழுத்தத்தை அளந்து அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

காற்றை வெளியேற்றிய மூடிய கலத்தில் சுண்ணாம்புக்கல்லை வைத்துச் சூடாக்கினால் வாயு வெளிவரும். ஓரளவுக்கு மேல் அழுத்தம் ஏறாது, ஏனென்றால் கல் பிரியும் வேகமும் வாயு சுண்ணாம்போடு மீண்டும் சேரும் வேகமும் சமமாகிவிடும். கல்லும் சுண்ணாம்பும் திண்மங்கள் என்பதால், இரண்டும் கலத்தில் மிச்சமிருக்கும் வரை, அவை எவ்வளவு இருக்கின்றன என்பது கணக்கில் வராது. அந்த வாயுவின் அழுத்தமே சமநிலை மாறிலி K. இந்த வினையை எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் அந்த எளிமைதான்.

வெப்பநிலையைக் கூட்டினால் K கூடுகிறது. பதிவான அளவுகளின்படி அழுத்தம் 605 டிகிரி செல்சியஸில் 0.31 கிலோபாஸ்கல், 680-இல் 1.80, 727-இல் 5.9, 800-இல் 24, 852-இல் 51, 898-இல் 101. இவற்றை அப்படியே வரைந்தால் கோடு வளைந்து மேலேறும், அதிலிருந்து எதையும் எளிதில் படிக்க முடியாது. இதை நேராக்கும் சமன்பாட்டுக்கு டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃபின் பெயர் வழங்குகிறது. வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை 1901-இல் பெற்றவர் அவர்.

ln K = −ΔH/RT + ΔS/R

K-யின் இயல்மடக்கையைச் செங்குத்து அச்சிலும், கெல்வின் வெப்பநிலையின் தலைகீழ் மதிப்பான 1/T-யைக் கிடை அச்சிலும் குறித்தால் புள்ளிகள் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமையும். கோட்டின் சாய்வு −ΔH/R. R என்பது 8.314 என்ற வாயு மாறிலி. செல்சியஸை அப்படியே போட்டால் கணக்கு கெட்டுவிடும், 273.15-ஐக் கூட்டியாக வேண்டும். அழுத்தத்தை எந்த அலகில் எழுதினாலும் கவலை இல்லை. அலகு மாறினால் கோடு முழுவதும் மேலோ கீழோ நகருமே தவிர, சாய்வு மாறாது.

மேலே சொன்ன ஆறு புள்ளிகளுக்கும் பொருந்தும் கோட்டின் சாய்வு சுமார் −20,500 கெல்வின். வலப்பக்கம் இறங்கும் கோடு வெப்பம் கொள்ளும் வினைக்குரியது. 8.314-ஆல் பெருக்கினால் என்தால்பி மோலுக்கு சுமார் 170 கிலோஜூல். ஒரு மோல் சுண்ணாம்புக்கல் ஏறக்குறைய 100 கிராம். ஆக, ஒரு கிலோ கல்லைப் பிரிக்க மட்டும் 1,700 கிலோஜூல் வேண்டும். ஐந்து லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது.

இனி, இந்த 170-ஐ எவ்வளவு நம்பலாம்? 800, 898 டிகிரிப் புள்ளிகள் இரண்டை மட்டும் இணைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள், 153 கிலோஜூல்தான் வரும். 1/T அச்சில் அவை நெருங்கிய புள்ளிகள், அதனால் சிறு பிழையும் சாய்வில் பெரிதாகிவிடுகிறது. பரந்த இடைவெளியில் பல புள்ளிகள் தேவைப்படுவது இதனால்தான்.

ஆனால் இடைவெளியை விரிக்கக் கீழே இறங்கினால் வேறு தொல்லை. மடக்கையில் பிழை விகிதமாகத்தான் எண்ணப்படும். அழுத்தமானி 0.1 கிலோபாஸ்கல் கூட்டிக் காட்டினால் 898 டிகிரியில் அது பொருட்டே இல்லை. 605 டிகிரியில் அதே பிழை விடையை ஏறத்தாழ 7 கிலோஜூல் குறைத்துவிடும். போதாததற்கு, குளிர்ந்த கல்லில் வினை மெதுவாக நடக்கும். சமநிலை வரும் முன்பே அளந்தால் அழுத்தம் குறைவாகப் பதிவாகி, கோடு தேவைக்கு மேல் செங்குத்தாகிவிடும். இதைப் பிடிக்க நல்ல சோதனை ஒன்று உண்டு. அதே வெப்பநிலையை ஒருமுறை கீழிருந்து சூடாக்கியும், மறுமுறை மேலிருந்து குளிரவைத்தும் அடைய வேண்டும். இரண்டு அழுத்தங்களும் ஒத்துப்போனால்தான் அந்தப் புள்ளியைக் கோட்டில் சேர்க்கலாம்.

கோடு நேராக இருப்பதே ஒரு தோராயம்தான். என்தால்பி வெப்பநிலையோடு மெல்ல மாறும். அறை வெப்பநிலைக்கான அட்டவணை மதிப்பு மோலுக்கு சுமார் 178 கிலோஜூல். நமக்குக் கிடைத்த 170, காளவாய் வெப்பத்துக்கான விடை. இரண்டில் எதுவும் தவறில்லை. இதே கோட்டை 1082 டிகிரி வரை நீட்டினால் அழுத்தம் சுமார் 1,160 கிலோபாஸ்கல் என்று காட்டும், அளந்த மதிப்போ 901. சூட்டோடு என்தால்பி குறைவது அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு. சாய்விலுள்ள சிறு பிழை, அளந்த எல்லையைத் தாண்டத் தாண்டப் பெருகுவது மற்றொன்று.