52 ரூபாய் 80 பைசாவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட வால்

மொபைலில் ஒரு சேவைக்குப் பணம் கட்டப் போகிறீர்கள். உதாரணத்துக்கு, விண்ணப்பக் கட்டணம் 17.60 ரூபாய், நகல்களுக்கான கட்டணம் 35.20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 52.80. இதை மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். ஆனால் திரையில் வருவது இது:

`52.800000000000004`

பார்த்ததும் மனசுல ஒரு சந்தேகம் வரும். கூடுதலா ஏதாவது பிடிக்கிறாங்களா? இது போலிச் செயலியா? யாராவது கணக்கில் கை வெச்சுட்டாங்களா?

இந்த வால் மட்டும் தெரிகிறது என்றால், அது திருட்டுக்கான அடையாளம் இல்லை. கடைசியில் இருக்கும் அந்த 4-இன் மதிப்பு, ஒரு பைசாவை இரண்டு லட்சம் கோடித் துண்டுகளாக்கினால் அதில் ஒரு துண்டுக்கும் குறைவு. அதை யாரும் எடுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. ஆனாலும் சில நேரங்களில் இந்தத் துளிதான் உங்கள் பணம் போய்ச் சேராமல் தடுக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

வால் எங்கிருந்து வருகிறது?

1-ஐ 3-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.3333 என்று முடிவில்லாமல் போகும். ஏதாவது ஓர் இடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தினால், எழுதியது மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவு. இது உங்கள் தப்பு இல்லை. பத்தின் அடிப்படையில் எழுதும் நம் எண்முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு முழுமையான இடம் இல்லை, அவ்வளவுதான்.

கணினியும் மொபைலும் எண்களை இரண்டின் அடிப்படையில் வைத்துக்கொள்கின்றன. புள்ளிக்கு அடுத்து வரும் இடங்கள் நமக்குப் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று. அவற்றுக்கோ அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் போகும். இந்தத் துண்டுகளைக் கூட்டி 25 பைசாவைச் சரியாகச் செய்யலாம், 50 பைசாவையும் 75 பைசாவையும் செய்யலாம். 10 பைசாவை எத்தனை துண்டு சேர்த்தாலும் துல்லியமாகச் செய்ய முடியாது. 1-ஐ 3-ஆல் வகுத்தபோது நமக்கு நடந்ததுதான் அங்கேயும் நடக்கிறது: முடிவில்லாமல் போகிறது, ஓர் இடத்தில் நிறுத்தப்படுகிறது.

இப்படி நிறுத்திச் சேமிக்கும் எண்ணுக்கு மிதவைப் புள்ளி எண் என்று பெயர். இன்று பெரும்பாலான கருவிகள் 1985-இல் வந்த ஐ.ட்ரிபிள்-இ 754 என்ற தர விதிப்படி இதைச் செய்கின்றன. நம் எண்முறையில் சொன்னால் ஏறக்குறைய 15, 16 இலக்கம் வரை இது நம்பகமானது. அதற்குப் பிறகு வருவது தோராயம்.

நம் உதாரணத்தில் 17.60 என்று நாம் எழுதுவது, உள்ளே 17.60-ஐவிடத் துளி கூடுதலாக நிற்கிறது. 35.20-ம் அப்படியே துளி கூடுதல். இரண்டையும் கூட்டும்போது கூடுதல்களும் சேர்ந்துகொள்கின்றன. திரையில் தெரிந்த அந்த 4 இதுதான்.

அணாவில் இந்தத் தொல்லை இருந்திருக்காது

1957 ஏப்ரல் 1-க்கு முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா. எட்டணா அரை ரூபாய், நாலணா கால், இரண்டணா அரைக்கால், ஓரணா வீசம். எல்லாமே பாதி, பாதியில் பாதி. கணினி விரும்பும் துண்டுகள் இவையேதான். அணாவில் எழுதிய எந்தத் தொகையையும் அது துளி பிசகாமல் வைத்துக்கொள்ளும்.

ரூபாயை நூறு பைசாவாகப் பிரித்த பிறகு கதை மாறிவிட்டது. 0 முதல் 99 வரையுள்ள நூறு பைசா மதிப்புகளில் கணினிக்குத் துல்லியமாக அமைவது 0, 25, 50, 75 என்ற நான்கு மட்டுமே. மீதி 96-ம் தோராயம்தான். இதனால்தான் 17.50-ம் 35.25-ம் கூட்டினால் வால் வருவதில்லை, 17.60-ம் 35.20-ம் கூட்டினால் வருகிறது. ஒரே செயலியில் ஒரு நாள் சரியாகவும் மறுநாள் விசித்திரமாகவும் தெரிவதற்குக் காரணம் தொகைதான்.

துளி எப்போது சிக்கலாகிறது?

வால் வெறுமனே கண்ணுக்குத் தெரிவதோடு நின்றால் பரவாயில்லை. செயலி அந்த எண்ணை வைத்து ஒரு முடிவெடுக்கும்போதுதான் பிரச்சினை.

உங்கள் வாலெட்டில் சரியாக 52.80 ரூபாய் இருக்கிறது. கட்ட வேண்டியதும் 52.80. பொத்தானை அழுத்தினால் ‘போதிய இருப்பு இல்லை’ என்று வருகிறது. ‘அம்பத்திரண்டு எண்பது இருக்கு, அம்பத்திரண்டு எண்பதுதானே கேக்குது, அப்புறம் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். உள்ளே நடந்ததைப் பார்த்தால் விடை கிடைக்கும். 52.80 என்று நேரடியாகப் பதிவான இருப்பு 52.80-க்குத் துளி கீழே நிற்கிறது. இரண்டு கட்டணங்களைக் கூட்டி வந்த மொத்தமோ துளி மேலே. செயலி இரண்டையும் ஒப்பிட்டு, இருப்பு குறைவு என்று முடிவு செய்கிறது. பைதான் மொழியில் இதைச் சோதித்தால் இப்படித் தெரியும்:

```
>>> 17.60 + 35.20
52.800000000000004
>>> 17.60 + 35.20 <= 52.80
False
```

இதே வகைக் கோளாறு இன்னொரு இடத்திலும் வரும். பணம் வங்கியிலிருந்து போய்விடும். ‘வந்த தொகையும் பில் தொகையும் ஒன்றா?’ என்று செயலி பார்க்கும்போது இரண்டும் துளி வேறுபட்டால், ரசீது உருவாகாமல் ‘நிலுவை’யிலேயே நிற்கும்.

தீர்வு: பைசாவாக எண்ணுவது

தீர்வு எளிது. ரூபாயைப் புள்ளி வைத்துச் சேமிக்காமல், எத்தனை பைசா என்று முழு எண்ணாகச் சேமிக்க வேண்டும். 17.60 ரூபாய் என்றால் 1760 பைசா. 35.20 என்றால் 3520.

```
>>> 1760 + 3520
5280
>>> 1760 + 3520 <= 5280
True
```

முழு எண்ணில் பின்னமே இல்லை, அதனால் நிறுத்த வேண்டிய இடமும் இல்லை. இணையப் பக்கங்களில் பயன்படும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி `9007199254740991` வரை முழு எண்களைப் பிசகாமல் வைத்துக்கொள்ளும். பைசாவில் கணக்கிட்டால் அது சுமார் 90 லட்சம் கோடி ரூபாய். நம் பில்லுக்கு இடம் தாராளம்.

திரையில் காட்டும் கடைசி நொடியில் மட்டும் 100-ஆல் வகுத்து, ஈவை ரூபாயாகவும் மீதியைப் பைசாவாகவும் போட்டால் போதும். மீதியை இரண்டு இலக்கமாக எழுதுவது கட்டாயம். 5205 பைசாவை 52.5 என்று காட்டிவிட்டால் 52 ரூபாய் 5 பைசா, பார்ப்பவருக்கு 52 ரூபாய் 50 பைசாவாகிவிடும்.

பைசாவுக்கு மாற்றும் வாசலில் ஒரு பள்ளம்

சிறு செயலி எழுதும் மாணவர்களும் கடைக்கு பில் மென்பொருள் செய்து தருபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பயனர் 19.99 என்று தட்டுகிறார். அதை 100-ஆல் பெருக்கினால் 1999 வரும் என்று நினைப்போம்.

```
>>> 19.99 * 100
1998.9999999999998
>>> int(19.99 * 100)
1998
```

புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டதால் ஒரு பைசா காணாமல் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத துளி இங்கே உண்மையான ஒரு பைசாவாக மாறிவிடுகிறது. `round` போட்டு அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுவந்தால் 1999 கிடைக்கும். அதைவிட நல்ல வழி, தட்டிய எழுத்தையே புள்ளியில் பிரித்து 19, 99 என்று இரண்டு முழு எண்களாக எடுத்துக்கொள்வது.

பைசாவில் எண்ணினாலும் தீராத ஒரு கேள்வி உண்டு. 100 ரூபாயை மூன்று பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 3333 பைசா போக ஒரு பைசா மிஞ்சும். அந்த ஒரு பைசா யாருக்கு என்பதை மனிதர்கள்தான் முன்கூட்டியே விதியாக வைக்க வேண்டும். முதல் ஆளுக்கு 3334 என்று வைத்தால் மொத்தம் சரியாக 10000. விதி இல்லாமல் மூவருக்கும் 33.33 என்று எழுதினால் கூட்டுத்தொகை 99.99-இல் நிற்கும். வரி, வட்டி, தள்ளுபடி என்று சதவீதம் வரும் இடங்களிலெல்லாம் இதே கேள்வி எழும்.

நீங்கள் என்ன பார்க்கலாம்?

புள்ளிக்குப் பிறகு முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். அதற்குப் பின்னால் வரிசையாகப் பூஜ்யங்கள் வந்து கடைசியில் ஓர் இலக்கம் ஒட்டியிருந்தால், அது இந்த வால்தான். `7.999999999999999` போல ஒன்பதுகள் வரிசையாக வந்தாலும் அதேதான், அதை 8.00 என்று படியுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து கழிந்த தொகை, ரசீதில் உள்ள இரண்டு இலக்கத் தொகையோடு ஒத்துப்போனால் இழப்பு ஏதும் இல்லை.

ஒரு பைசாவோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் அது வெறும் வால் இல்லை. வெட்டிய பிழையாகவோ, ரவுண்டு செய்யும் விதியாகவோ, வேறு கட்டணமாகவோ இருக்கலாம். கேட்க வேண்டிய விஷயம் அது.

இருப்பு சரியாக இருந்தும் ‘போதாது’ என்று வந்தால், அல்லது பணம் போயும் ரசீது வராவிட்டால், அவசரப்பட்டு மறுபடி கட்டாதீர்கள். முதலில் வங்கிக் குறுஞ்செய்தியைப் பாருங்கள். பணம் கழிந்திருந்தால் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புகாரில் ‘பணம் கட்ட முடியல’ என்று மட்டும் எழுதாமல், ஒவ்வொரு கட்டணமும் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று பைசாவோடு எழுதி, ஸ்கிரீன்ஷாட்டையும் சேருங்கள். 17.60, 35.20, 52.80 என்ற மூன்று எண்கள் கையில் இருந்தால், அதே பிழையை நிரலர் தன் கணினியில் வரவழைத்துப் பார்த்துத் திருத்த முடியும்.

மகளிர் குழு வரவு செலவையோ கடைக் கணக்கையோ மொபைலில் விரிதாளாக வைத்திருக்கிறீர்களா? வித்தியாசம் காட்டும் கட்டத்தில் 0-க்குப் பதிலாக `7.1E-15` போல ஏதாவது வந்தால் பதற வேண்டாம். அது புள்ளிக்குப் பின்னால் 14 பூஜ்யங்கள் கழித்து 71 என்று எழுதும் சுருக்கம். கூட்டலை ரவுண்டு செய்துவிட்டால் மறைந்துவிடும்:

```
=ROUND(SUM(B2:B31),2)
```

கட்டத்தின் வடிவத்தை இரண்டு இலக்கமாக மாற்றினால் வால் கண்ணுக்கு மறையும். ஆனால் உள்ளே இருக்கும். மேலே உள்ள சூத்திரம் எண்ணையே ரவுண்டு செய்துவிடுகிறது.