வாயிலில் நின்றும் வராதவர்

நுழையும்முன்

பணிக்கு வந்தவர் பதிவேட்டில் கையொப்பமிட்ட காலம் மாறி, இன்று பல பணியிடங்களில் கைப்பேசியே வருகையைப் பதிவு செய்கிறது. கைப்பேசி சொல்லும் இடமும், நாம் நிற்கும் இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அவை வேறுபடும்போது ஒரு நாள் கூலி கேள்விக்குள்ளாகிறது. அந்த வேறுபாடு எவ்வாறு தோன்றுகிறது, அதனை எவ்வாறு கண்டறிவது, அப்போது செய்யத்தக்கது என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இரண்டு காவல்கள்

ஒரு பெரிய மருத்துவமனையை எண்ணிக்கொள்வோம். அங்குத் தூய்மைப் பணி செய்யும் பெண்கள் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின்கீழ் வேலை பார்க்கின்றனர். காலைப் பணி 6 மணிக்குத் தொடங்கும். பின்கட்டடத்தின் அடித்தளத்தில் உள்ள ஓய்வறைச் சுவரில் ஒரு சிறு திரை பொருத்தப்பட்டுள்ளது. அத்திரையில் தோன்றும் விரைவுத் துலங்கல் குறியீட்டை, அதாவது மக்கள் வழக்கில் க்யூஆர் கோடு எனப்படுவதை, தம் கைப்பேசியால் வருடினால் அவர்களது வருகை பதிவாகும்.

சுவரில் அச்சிட்டு ஒட்டிய குறியீட்டைப் படமெடுத்து வீட்டிலிருக்கும் தோழிக்கு அனுப்பிவிட முடியும். அதனைத் தடுக்கவே திரையிலுள்ள குறியீடு 30 நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. இது முதற்காவல். இரண்டாவது காவல் புவிவேலி. கண்ணுக்குத் தெரியாத இவ்வேலி உண்மையில் ஒரு கணக்கு மட்டுமே. நிறுவனத்தார் நிலப்படத்தில் ஒரு புள்ளியை மையமாகக் குறித்து, 100 மீட்டர் போன்ற ஓர் ஆரத்தையும் தருகின்றனர். குறியீட்டை வருடும் நொடியில் கைப்பேசி தன் இருப்பிடத்தைச் சேவையகத்திற்கு அனுப்புகிறது. அவ்விடத்திற்கும் மையத்திற்கும் இடைப்பட்ட தொலைவு ஆரத்திற்குள் அடங்கினால் வருகை ஏற்கப்படும்; மிகுந்தால் மறுக்கப்படும்.

தெரிந்து தெளிவோம்

விரைவுத் துலங்கல் குறியீடு 1994 ஆம் ஆண்டு ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. உயர்ந்த பிழைதிருத்த நிலையில் அமைக்கப்பட்ட குறியீட்டில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை சிதைந்தாலும் அதனைப் படிக்க இயலும். ஆகவே, சற்றே கிழிந்த குறியீடு வருகை மறுப்புக்குக் காரணமாவது அரிது. பெரும்பாலான மறுப்புகள் இருப்பிடத்தால் நிகழ்பவை.

கைப்பேசி தன் இடத்தை அறியும் விதம்

புவியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் இடைவிடாது நேரத்தை ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்பலைகள் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கைப்பேசி தன் இடத்தைக் கணிக்கிறது. அலை நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருவதால், நேரக் கணக்கில் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழைபடும். திறந்தவெளியில் இப்பிழை சில மீட்டர் அளவிலேயே நிற்கிறது. உயர்ந்த கட்டடங்களுக்கிடையில் அலை சுவரில் மோதித் திரும்பி நீண்ட வழியில் வருவதால் பிழை கூடுகிறது. கற்காரைக் கூரையின் அடியிலோ அலையே வந்து சேர்வதில்லை.

அலை கிடைக்காதபோது கைப்பேசி வாளாவிருப்பதில்லை. அருகிலுள்ள வைஃபை கருவிகளையும் கைப்பேசிக் கோபுரங்களையும் கொண்டு இடத்தை ஊகிக்கிறது. கோபுரத்தை மட்டும் நம்பிய ஊகம் பல நூறு மீட்டர் விலகக்கூடும். வேறொரு கிளையிலிருந்து கொண்டுவரப்பட்ட வைஃபை கருவி, சில காலம் வரை, பழைய ஊரையே நம் இடமாகக் காட்டுவதும் உண்டு.

தன் ஊகத்தில் எவ்வளவு ஐயம் உள்ளது என்பதையும் கைப்பேசி ஓரளவு அறியும். நிலப்படச் செயலியைத் திறந்தால் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று தெரியும். அவ்வட்டம் பெரிதாயின் ஐயம் பெரிது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில், துல்லியம் 40 மீட்டர் என்றால், உண்மையான இடம் அந்த 40 மீட்டர் வட்டத்திற்குள் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பே உண்டு என்பது பொருள். எஞ்சிய ஒரு பங்கில் அவர் வட்டத்திற்கு வெளியேயும் இருக்கலாம். இதனைக் கருதாமல் புள்ளியை மட்டும் பார்த்து ஏற்பதும் மறுப்பதும் செய்யும் செயலி, ஐயத்தை உறுதியாகக் கொள்கிறது.

ஒரு காலைப்பொழுது

அப்பெண்களுள் ஒருவர் காலை 5.48 மணிக்கு அடித்தளத்திற்கு வருகிறார். குறியீட்டை வருடுகிறார். “நீங்கள் பணியிட எல்லைக்கு வெளியே உள்ளீர்கள், தொலைவு 640 மீட்டர்” எனத் திரை மறுக்கிறது. மீண்டும் வருடுகிறார். இம்முறை 410 மீட்டர். அவர் ஓரடியும் நகரவில்லை. ஆயினும் தொலைவு 230 மீட்டர் மாறிவிட்டது. இங்குத்தான் முதற்குறிப்பு கிடைக்கிறது. நின்ற இடத்திலேயே எண் தாறுமாறாக மாறினால், பிழை கைப்பேசி பெறும் இருப்பிடத்தில் உள்ளது.

அவர் கைப்பேசியின் அமைப்புகளைப் பார்க்கிறார். இருப்பிடச் சேவை இயங்குகிறது. அச்செயலிக்குத் துல்லிய இருப்பிடத்தைக் காட்டும் அனுமதியும் தரப்பட்டுள்ளது. இவ்வனுமதியைத் தனியே பார்ப்பது இன்றியமையாதது. தோராய இருப்பிடம் மட்டும் தரப்பட்டிருந்தால், ஆண்ட்ராய்டு கைப்பேசி சில சதுரக் கிலோமீட்டர் பரப்பையே இடமாகச் சொல்லும். அப்போது 100 மீட்டர் வேலிக்குள் இருப்பதை மெய்ப்பிக்கவே இயலாது.

பின்னர்ப் படியேறித் திறந்த முற்றத்திற்கு வந்து, ஒரு நிமிடம் காத்திருக்கிறார். நிலப்படத்தில் வெளிர்நீல வட்டம் சுருங்குகிறது. செயலியில் இருப்பிடத்தைப் புதுப்பித்தபோது தொலைவு 132 மீட்டர் என வருகிறது, அடுத்து 131, பிறகு 133. எண் நிலைத்துவிட்டது. இருப்பினும் செயலி மறுக்கிறது. இது இரண்டாவது குறிப்பு. வட்டம் சிறிதாகி, எண் நிலைத்த பின்னும் மறுப்புத் தொடர்ந்தால், பிழை கைப்பேசியில் இல்லை, வேலியில் உள்ளது.

அதனைக் கணக்கால் சரிபார்க்கலாம். வேலியின் மையம் முன்வாயிலில் குறிக்கப்பட்டிருந்தது. அம்மையத்திற்கும் பின்முற்றத்திற்கும் அட்சக்கோட்டில் 0.0008 பாகையும், தீர்க்கக்கோட்டில் 0.0009 பாகையும் வேறுபாடு. அட்சக்கோட்டின் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆகவே முதல் வேறுபாடு 89 மீட்டர். சென்னை அமைந்துள்ள 13 பாகை அட்சக்கோட்டின் அருகில் தீர்க்கக்கோட்டின் ஒரு பாகை ஏறத்தாழ 108 கிலோமீட்டர். ஆகவே இரண்டாவது வேறுபாடு 97 மீட்டர். செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக இவற்றைக் கொண்டால் கர்ணம் ஏறத்தாழ 132 மீட்டர். கைப்பேசி சொன்னது சரியே. மருத்துவமனை வளாகம் வேலியைவிடப் பெரிது என்பதே உண்மை.

மூன்றாவது குறிப்பும் உண்டு. ஒருவருக்கு மட்டும் மறுப்பு வந்தால் அவரது கைப்பேசியை ஆராயவேண்டும். ஒரே கதவின்வழி வருவோர் அனைவருக்கும் மறுப்பு வந்து, முன்வாயில்வழி வருவோர்க்கு வரவில்லையாயின், வேலியின் மையத்தையோ ஆரத்தையோ ஆராயவேண்டும். புவிவேலியின் ஆரம் 100 முதல் 150 மீட்டருக்குக் குறையாதிருத்தல் நன்று என ஆண்ட்ராய்டு வழிகாட்டிக் குறிப்பே பரிந்துரைக்கிறது.

சான்று சேர்த்தல்

மறுக்கப்பட்ட முயற்சிகளை எல்லாச் செயலிகளும் சேமிப்பதில்லை. ஏற்கப்பட்டதை மட்டும் சேமிக்கும் செயலியில், 5.48 மணிக்கு வந்தவர் வராதவராகவே எஞ்சுவார். ஆகவே சான்றைத் தொழிலாளியே சேர்க்கவேண்டியுள்ளது. அப்பெண் ஒவ்வொரு மறுப்பையும் நேரமும் தொலைவும் தெரியுமாறு திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டார். நிலப்படத்தின் நீலப்புள்ளியையும் அவ்வாறே எடுத்தார். 5.57 மணிக்கு மேற்பார்வையாளருக்கு அவற்றுடன் ஒரு செய்தி அனுப்பினார்: “ஐயா, 5.48க்கு வந்துவிட்டேன். குறியீட்டை ஏற்ற செயலி, இருப்பிடத்தை மறுக்கிறது. பின்முற்றத்தில் 132 மீட்டர் காட்டுகிறது. பணியைத் தொடங்குகிறேன். வருகையைத் திருத்தித் தருமாறு வேண்டுகிறேன்.”

பணி தொடங்கும் முன்னரே அனுப்பியதால் இச்செய்திக்கு வலிமை மிகுதி. மாத இறுதியில் சொல்லும் விளக்கம் நினைவை நம்புவது, 5.57க்கு அனுப்பிய செய்தி நேரமுத்திரை பெற்றது. குறியீடு ஏற்கப்பட்டது என்னும் செய்தியும் அவருக்குத் துணைநிற்கிறது. 30 நொடிகளில் மாறும் திரையை 640 மீட்டருக்கு அப்பாலிருந்து ஒருவர் நேரில் வருடியிருக்க முடியாதன்றோ? பின்னர் அவர் காவலர் அறையிலிருந்த பதிவேட்டில் நேரமிட்டுக் கையொப்பமும் இட்டார்.

அவர் செய்யாதவையும் கருதத்தக்கவை. உடன்பணியாளர் ஒருவர், போலி இருப்பிடம் காட்டும் செயலி ஒன்றைப் பரிந்துரைத்தார், அவர் ஏற்கவில்லை. அத்தகைய செயலியைக் கைப்பேசி காட்டிக்கொடுக்கக்கூடும். உண்மையாகவே வளாகத்தில் நின்றவர், அதன்பின் ஏமாற்றியவராகக் கருதப்படுவார். முன்வாயிலில் நிற்கும் தோழியிடம் கைப்பேசியைக் கொடுத்தனுப்புவதும் அவ்வாறே.

கூலியும் சட்டமும்

மாத இறுதியில் ஊதியச்சீட்டில் அரைநாள் கூலி பிடித்தம் செய்யப்பட்டிருந்தது. அவர் எழுத்துமூலம் முறையிட்டார். பணிக்கு வராமைக்காகச் செய்யும் பிடித்தம், உண்மையில் வராதிருந்த கால அளவின் விகிதத்தை மிஞ்சலாகாது என்பது 1936 ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் வகுத்த விதி. 2019 ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பிலும் அவ்விதி இடம்பெற்றுள்ளது. விதி கேட்பது, பணியாளர் வந்தாரா என்பதே. செயலி ஏற்றதா என்பதன்று. ஒப்பந்த நிறுவனம் கூலியைத் தரத் தவறினால், முதன்மை வேலையளிப்பவரே தரவேண்டும் என்பது 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்த நெறி. ஆகவே அவர் முறையீட்டின் படியொன்றை மருத்துவமனை நிருவாகத்திற்கும் அளித்தார். அங்கும் தீராவிடின் தொழிலாளர் துறை அலுவலகத்தை நாடலாம்.

அந்நிலை நேரவில்லை. திரைப்பிடிப்புகளையும் பதிவேட்டையும் ஒப்பிட்ட நிறுவனத்தார் கூலியைத் திரும்ப அளித்தனர். வேலியின் மையத்தை முன்வாயிலிலிருந்து வளாகத்தின் நடுவிற்கு மாற்றி, ஆரத்தை 150 மீட்டராக்கினர். குறியீட்டுத் திரையை அடித்தளத்திலிருந்து முற்றத்தின் தாழ்வாரத்திற்குக் கொண்டுவந்தனர். அங்கு வானம் தெரியும். மறுநாள் காலை பின்கதவின்வழி வந்த எவருக்கும் மறுப்பு வரவில்லை. காவலர் அறையின் பதிவேட்டை மட்டும் அவர்கள் அகற்றவில்லை. கைப்பேசி மறுக்கும் நாளில் கையொப்பமிட ஓரிடம் வேண்டும் என்பதை அந்த அரைநாள் கூலி அவர்களுக்கு உணர்த்தியிருந்தது.