வியாழக்கிழமைதோறும் ஒரு வாசகர் தேர்வு

குறித்த கிழமையில், ஒரே அமைப்பில், உள்ளடக்கம் மட்டும் மாறி வருவது தொடர் பதிவு. வார இதழின் கேள்வி-பதில் பக்கத்தைப் போல, இடமும் வடிவமும் முன்பே முடிவாகியிருக்கும். அந்த வாரத்துக்கான சரக்கைச் சேர்ப்பதுதான் வேலை. ட்விட்டரில் 2009-இல் பரவிய #FollowFriday இவ்வகையில் பலரும் அறிந்தது. வெள்ளிக்கிழமை வந்தால், பின்தொடரத் தகுந்தவர்களை மற்றவர்களுக்குச் சொல்வார்கள்.

மூன்று பேர் நடத்தும் புத்தகக் கடையில் பில் போடுபவரே இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் பார்த்துக்கொள்வார். பதிவை எழுதச் சில நிமிடம் போதும்; இன்றைக்கு எதைப் போடுவது என்ற யோசனைதான் அவரை நாள் முழுதும் அலைக்கழிக்கும். வியாழக்கிழமை 'வாசகர் தேர்வு' என்று வைத்துவிட்டால் அந்த யோசனைக்கு வேலையில்லை.

இதற்குச் சரக்கு சேர்க்கும் நாள் சனிக்கிழமை. கூட்டம் வரும் மாலையில் நான்கு வாசகர்களிடம் பேசினால் ஒரு மாதத்துக்கு ஆகும். கேள்விகள் மாறுவதில்லை: இந்தப் புத்தகம் எப்படிக் கைக்கு வந்தது, எந்த இடத்தில் கீழே வைக்க முடியவில்லை, யாருக்கு இதைப் படிக்கக் கொடுப்பீர்கள்? "புத்தகம் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டால் "நல்லா இருந்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டாவது கேள்விக்கோ, "பஸ்ஸில் படித்துக்கொண்டே இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டேன்" என்பது போன்ற பதில் வரும். அதுவே பதிவின் முதல் வரி. நீண்ட குறிப்பில் தொடக்க வரிகள் மட்டுமே திரையில் தெரியும் என்பதால், கடையின் பெயரையும் வாழ்த்தையும் அங்கே வைப்பது வீண்.

படம் எப்போதும் ஒரே ஜன்னலோரத்தில், கையில் புத்தகத்தோடு எடுக்கப்படும். பெயரையும் முகத்தையும் வெளியிட முன்கூட்டியே சம்மதம் கேட்க வேண்டும். தயங்குபவருக்குக் கையும் அட்டையும் தெரியும் படம் போதும். புதன்கிழமை அந்தப் புத்தகம் கடையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பதிவை நேரம் குறித்து வைக்க வேண்டும். தேடி வருபவரை வெறுங்கையோடு அனுப்பினால் பதிவு போட்டதன் பயன் போய்விடும்.

விற்காத புத்தகத்தை வாசகர் பெயரில் தள்ளும்போது தொடர் கெடுகிறது. பதிவைப் பார்த்து வாங்கியவர் ஏமாந்தால் அடுத்த தேர்வை நம்பமாட்டார். இன்னொரு கேடு, வழக்கமாக வரும் நான்கைந்து பேரே திரும்பத் திரும்ப வருவது. வாசகரின் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் பதில்கள் ஒன்றுபோல் தோன்றுகின்றனவா, புத்தகத்தைக் கேட்டு வருபவர்கள் குறைகிறார்களா என்று பார்த்தால் சோர்வு தெரிந்துவிடும். அப்போது முதலில் ஒரு கேள்வியை மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் தொடரை முடித்துவிடலாம்.

ஒவ்வொரு தொடருக்கும் தனியே சரக்கு சேர்க்க வேண்டியிருப்பதால், ஏழு நாளுக்கும் தொடர் வைத்தால் பழைய சுமையே திரும்பி வரும். சிறு குழுவுக்கு வாரத்தில் இரண்டு தொடர்கள் போதும். புது வரவும் எழுத்தாளர் சந்திப்பும் மற்ற நாட்களுக்கு உரியவை.