நீட் எழுதும் பிள்ளையின் அம்மாவுக்கு

மே மாதம் பிறக்கும்போது நமக்குத் தெரிந்த ஏதாவதொரு வீட்டில் நீட் எழுதப் போகும் பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளையின் கையில் பெரும்பாலும் போன் இருக்காது, வாங்கி வைத்திருப்பார்கள். அதனால் வாழ்த்துகள் எல்லாம் அம்மாவுக்கோ அப்பாவுக்கோதான் வந்து சேரும். படிப்பவர் அவர். படித்ததும் அவர் முகம் எப்படி மாறுகிறதோ, அதைத்தான் பிள்ளை பார்க்கும். இந்த வாழ்த்தை அம்மாவுக்கென்றே எழுத வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

“கண்டிப்பா சீட் கிடைச்சிடும்”, “நம்ம குடும்பத்து முதல் டாக்டர்” என்று அன்போடுதான் எழுதுகிறோம். ஆனால் அந்த அம்மா பல மாதமாகக் கட் ஆஃப் கணக்கையே நினைத்துக்கொண்டிருப்பவர். கிடைக்காமல் போனால் இவர்களிடம் என்ன சொல்வது என்ற கவலையும் அந்த வாழ்த்தோடு சேர்ந்து அவரிடம் போய்விடுகிறது. “போன வருஷம் எங்க அண்ணன் பொண்ணு அறுநூறு எடுத்தா” என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று அறிவுரை. “ஒரு கேள்வியைக்கூட விடாம எழுதச் சொல்லுங்க” என்பது பிளஸ் டூவுக்குச் சரி. நீட் வேறு மாதிரி. 180 கேள்விகள், மொத்தம் 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு கிடைக்கும், தவறானால் ஒன்று போகும், விட்டுவிட்டால் ஒன்றுமில்லை. எந்தக் கேள்வியைத் தொடுவது, எதை விடுவது என்பதை மாதிரித் தேர்வுகள் எழுதி எழுதிப் பிள்ளை தனக்கென ஒரு முறையாக வைத்திருக்கும். கடைசி நேரத்தில் அம்மா வழியாகப் போகும் நம் யோசனை அந்த முறையைக் கலைத்துவிடும்.

என் தோழியின் மகள் இரண்டாம் முறையாக எழுதினாள். தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை அந்த வீட்டில் ஹால் டிக்கெட், போட்டோ, ஆதார் என்று சரிபார்ப்பதற்கே நேரம் போதாது. போன் வழி பார்ப்பதற்குத்தான் பயன்படும். அதனால் வெள்ளிக்கிழமை இரவே அனுப்பினேன்:

“ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குப் பரீட்சை. ரெண்டு வருஷமா அவகூட நீயும் விடியக்காலம் எழுந்திருக்கே. அது எனக்குத் தெரியும். அவ நிதானமா எழுதட்டும்னு வேண்டிக்கிறேன். ஞாயிறு மத்தியானம் உனக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு சென்டர் வாசலுக்கு வந்திடுறேன். இதுக்கு நீ பதில் எதுவும் போட வேண்டாம்.”

மதிப்பெண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. “கவலைப்படாதே” என்றும் எழுதவில்லை. அப்படிச் சொன்னால் கவலைப்படுவதே தப்பு என்பதுபோல் ஆகிவிடும். பதில் வேண்டாம் என்ற வரியை நான் முக்கியமாக நினைக்கிறேன். அந்த வாரம் வருகிற ஒவ்வொரு வாழ்த்துக்கும் நன்றி சொல்வதே அம்மாவுக்குத் தனி வேலை.

சாப்பாட்டைப் பற்றி எழுதியதற்கும் காரணம் உண்டு. தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை. வாசலை 1.30-க்கே அடைத்துவிடுவார்கள். சோதனை முடித்து உட்கார நேரமாகும் என்பதால் பிள்ளைகள் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கே வந்து வரிசையில் நிற்பார்கள். நகை கூடாது, வாட்ச் கூடாது, ஷூ கூடாது. ஹால் டிக்கெட்டும் தண்ணீர் பாட்டிலுமாகப் பிள்ளை உள்ளே போய்விடும். அம்மா மே மாத வெயிலில் வெளியே நிற்பார். நான் போனபோது என் தோழி பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையில் மகளின் கம்மல், கொலுசு, வாட்ச் எல்லாம் ஒரு கைக்குட்டையில் முடிந்திருந்தன. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தயிர்சாதத்தைக் கையில் கொடுத்ததும் சாப்பிட்டுவிட்டாள். சாயங்காலம் மகள் வெளியே வந்தபோது தெம்பாக எழுந்து போக முடிந்தது.

தேர்வு முடிந்த பிறகுதான் நம்மில் பலர் தவறுகிறோம். அன்று இரவே கோச்சிங் சென்டர்களின் விடைத்தாள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கும், கூடவே “எவ்வளவு வரும்?” என்ற கேள்வியும் வரும். 2025-இல் தேர்வு நடந்தது மே 4, முடிவு வந்தது ஜூன் 14. ஆறு வாரம் அந்த வீடு இதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. “வீட்டுக்கு வந்து சேர்ந்தாச்சா? ரெண்டு பேரும் நல்லாத் தூங்குங்க” என்று மட்டும் ஞாயிறு இரவு அனுப்பலாம். மார்க்கை அவர்களே சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம்.