அம்பு மட்டும் நகரட்டும்

ஆற்று நீர் எப்படிக் குடிநீராகிறது என்று பள்ளி மாணவர்களுக்குப் பவர்பாயிண்டில் விளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஸ்லைடில் ஐந்து பெட்டிகள்: படிகாரம் கலத்தல், மெதுவாகக் கிளறுதல், தெளியவிடுதல், மணலில் வடிகட்டுதல், குளோரின் சேர்த்தல். இவற்றை இணைக்க நான்கு அம்புகள். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் காட்டினால், நீங்கள் படிகாரத்தைப் பற்றிப் பேசும்போதே பாதி வகுப்பு குளோரினைப் படித்துக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொன்றாகத் திறக்கிறோம். அதுவரை சரி. சிக்கல் அடுத்து வருகிறது: பெட்டி ஒன்று சுழன்று வருகிறது, இன்னொன்று துள்ளி விழுகிறது.

ஒன்றை உரிய நேரம் வரை மறைத்து வைப்பது வேறு, அதை அசைப்பது வேறு. படிப்படியாக விளக்க முதலாவது போதும். ரிச்சர்ட் மேயர், பால் சாண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் மின்னல் உருவாகும் விதத்தைக் காட்டும் சிறு அனிமேஷனை வைத்துச் செய்த சோதனை 2001இல் வெளியானது. அதைத் துண்டு துண்டாக, தாங்களே பொத்தானை அழுத்தி நகர்த்திப் பார்த்தவர்கள், அறிந்ததைப் புதிய கேள்விக்குப் பயன்படுத்துவதில் முந்தினார்கள். நிறுத்தாமல் ஓடியதைப் பார்த்தவர்கள் பின்தங்கினார்கள். இரு தரப்பும் பார்த்த படம் ஒன்றுதான். இடைவெளி கிடைத்ததுதான் வித்தியாசம்.

அசைவுக்கு ஒரு குணம் உண்டு. ஓரக்கண்ணில் ஏதாவது நகர்ந்தால் பார்வை தானாக அங்கே ஓடிவிடும். பார்ப்பவர் நினைத்தாலும் தடுப்பது கடினம். அதோடு, அசைவுக்கு நாம் அர்த்தமும் கற்பித்துக்கொள்கிறோம். ‘தெளியவிடுதல்’ பெட்டி மேலிருந்து தொப்பென்று விழுந்தால், அழுக்கும் அப்படித்தான் சட்டென்று அடியில் இறங்கும் என்று ஒரு மாணவர் நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் அந்தத் தொட்டியில் நீர் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்குகிறது. முதல் படியிலோ படிகாரம் ஒரு நிமிடம் போலத்தான் வேகமாகக் கலக்கப்படுகிறது. இந்த வேறுபாட்டை அனிமேஷனால் காட்ட முயலாதீர்கள். பெட்டிக்குக் கீழே நேரத்தை எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இந்தப் படத்தில் நிஜமாக நகர்வது நீர் ஒன்றுதான். ஆகவே அசையும் உரிமை அம்புக்கு மட்டும். முதல் பெட்டிக்கு எந்த அனிமேஷனும் வேண்டாம். ஸ்லைடு திறக்கும்போதே இருக்கட்டும். அம்புக்கு Wipe கொடுங்கள். அது தானாகவே From Bottom என்று அமையும். படுக்கைவாட்டு அம்பு அப்படிக் கீழிருந்து மேலாகத் தோன்றினால் நீர் ஓடும் திசையே தெரியாது. Effect Options-இல் From Left என்று மாற்றுங்கள். அடுத்த பெட்டிக்கு Fade, அரை விநாடி. அம்பு On Click, பெட்டி After Previous. ஒரு சொடுக்கில் அம்பு ஓடி முடியும், பெட்டி தெளிந்து வரும்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க, சொடுக்குகளை எண்ணிப் பாருங்கள். ஐந்து பெட்டிக்கு நான்கு சொடுக்கு. எட்டு வந்தால் பெட்டிகளுக்கும் On Click விழுந்திருக்கிறது என்று பொருள். அப்போது பேசுபவர் அம்பு வந்ததும் பெட்டியும் வந்துவிட்டதாக நம்பிப் பேச்சைத் தொடங்குவார். பிறகு திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பேச்சும் சொடுக்கும் எப்படிச் சேர வேண்டும் என்பதில் என் வழக்கம் இது: நடப்புப் படியின் கடைசி வாக்கியத்தை முடித்துவிட்டுச் சொடுக்குவேன், கண்கள் புதியதைப் பார்த்து முடிக்க ஓரிரு விநாடி வாயை மூடிக்கொள்வேன், அப்புறம்தான் பேச்சு. வாக்கியத்தின் நடுவில் சொடுக்கினால் அதன் பிற்பாதி யார் காதிலும் விழாது.

எல்லாவற்றையும் இப்படி மறைத்து வைக்கவும் கூடாது. மணல் வடிகட்டியையும் வேறொரு வடிகட்டியையும் ஒப்பிடும் அட்டவணை என்றால் முழுவதையும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். ஒரு பாதியை மறைத்தால் பார்ப்பவர் எதோடு எதை ஒப்பிடுவார்?

இன்னொரு குறை பி.டி.எஃப். ஆக்கும்போது தெரியும். அனிமேஷன் அதில் வராது. ஒன்று மறைந்து அதே இடத்தில் இன்னொன்று தோன்றும்படி அமைத்திருந்தால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகி நிற்கும். படிகளை அனுப்பிவைக்க வேண்டியிருந்தால் அனிமேஷனையே விட்டுவிடலாம். முழுப் படத்தையும் வரைந்து, ஸ்லைடை ஐந்து பிரதி எடுத்து, முதல் பிரதியில் நான்கு பெட்டிகளை நீக்குங்கள், இரண்டாவதில் மூன்றை, இப்படியே. நீக்கும் பெட்டிக்குப் போகும் அம்பும் சேர்ந்து போகட்டும். மிஞ்சியவற்றை இம்மியும் நகர்த்தாமல் விட்டால், திரையில் அடுத்த பெட்டி அங்கேயே முளைத்ததுபோல் இருக்கும். அம்பின் ஓட்டம் போய்விடும், உண்மைதான். ஆனால் கடைசியில் ஒரு மாணவி எழுந்து, “சார், கிளறும்போது ஏன் மெதுவாகக் கிளறணும்?” என்று கேட்டால், பின்னோக்கி ஒவ்வொரு அனிமேஷனாகக் கழற்ற வேண்டியதில்லை. அந்த ஸ்லைடின் எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் நேரே அங்கே போய், வேகமாகக் கிளறினால் சேர்ந்த அழுக்குத் திரள்கள் மறுபடி உடைந்துவிடும் என்று படத்தைக் காட்டியே பதில் சொல்லலாம்.