இருநூறு டாலர் காசோலை எங்கே போனது?

1975-ஆம் ஆண்டு கோடையை ஒட்டி, அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து தபாலில் ஒரு காசோலை வந்தது. முந்தைய ஆண்டு கட்டிய வருமான வரியில் பத்தில் ஒரு பங்கை அரசு திருப்பித் தந்தது. ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 200 டாலர். நாடு கடுமையான மந்தநிலையில் இருந்தது. வேலையில்லாதோர் விகிதம் அந்த மே மாதத்தில் 9 சதவீதத்தைத் தொட்டது. கையில் காசு வந்தால் மக்கள் கடைக்குப் போவார்கள், கடையில் சரக்கு விற்றால் தொழிற்சாலை ஓடும், தொழிற்சாலை ஓடினால் ஆள் எடுப்பார்கள் என்பது ஜெரால்டு ஃபோர்டு அரசின் கணக்கு. மொத்தச் செலவு சுமார் 800 கோடி டாலர்.

காசோலைகள் போய்ச் சேர்ந்த காலாண்டில் மக்களின் கைக்கு வந்த வருமானம் எகிறியது. ஆனால் கடைச் செலவு அந்த வேகத்தில் ஏறவில்லை. ஏறியது சேமிப்பு விகிதம்தான். காசோலைகள் நின்றதும் அதுவும் இறங்கிவிட்டது. அரசு அனுப்பிய பணத்தின் பெரும்பகுதி வங்கிக் கணக்கில் உட்கார்ந்தது, அல்லது பழைய கடனை அடைக்கப் போனது.

இப்படித்தான் ஆகும் என்று சொல்லக்கூடிய கோட்பாடு அப்போதே இருபது ஆண்டுப் பழையது. ஒருவர் இந்த மாதம் எவ்வளவு செலவு செய்வார் என்பதை இந்த மாத வருமானம் முடிவு செய்வதில்லை, வாழ்நாள் முழுதும் தனக்கு எவ்வளவு வரும் என்று அவர் நினைக்கிறாரோ அதுதான் முடிவு செய்கிறது என்பது அதன் சாரம். இதை இருவர் இரு வழியில் சொன்னார்கள். முசோலினியின் இத்தாலியிலிருந்து தப்பி அமெரிக்கா வந்த ஃபிராங்கோ மோடிக்லியானி, தன் மாணவர் ரிச்சர்ட் புரூம்பெர்க்குடன் சேர்ந்து 1954-இல் வாழ்க்கைச் சுழற்சிக் கோட்பாட்டை முன்வைத்தார். சம்பாதிக்கிற வயதில் சேர்த்து, ஓய்வுக் காலத்தில் அதை எடுத்துச் செலவழிப்பதே மனிதர் போக்கு என்றார் அவர். மில்டன் ஃபிரீட்மன் 1957-இல் வருமானத்தை இரண்டாகப் பிரித்தார்: நிலையாக வரும் என்று எதிர்பார்க்கிற நிரந்தர வருமானம் ஒன்று, எதிர்பாராமல் வந்துபோகிற தற்காலிக வருமானம் இன்னொன்று. முதலாவதை நம்பித்தான் குடும்பம் தன் வாழ்க்கைத் தரத்தை அமைத்துக்கொள்கிறது. இரண்டாவதில் பெரும்பங்கு சேமிப்புக்குப் போய்விடுகிறது என்றார்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு அந்த 200 டாலர் காசோலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் 65 வயது வரை வேலை பார்ப்பார், 80 வயது வரை வாழ்வார் என்று எதிர்பார்க்கிறார். வட்டியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். மீதியிருக்கும் நாற்பது ஆண்டுக்கும் அந்தப் பணத்தைச் சமமாகப் பிரித்தால் ஆண்டுக்கு 5 டாலர் வருகிறது. அவர் செலவு கூடக் கூடியது அவ்வளவுதான். வட்டியைச் சேர்த்தாலும் எட்டு, ஒன்பது டாலரைத் தாண்டாது.

இதே மனிதருக்கு ஆண்டுதோறும் 200 டாலர் வரிக்குறைப்பு நிரந்தரமாகக் கிடைக்கிறது என்று வையுங்கள். வேலை பார்க்கும் 25 ஆண்டுகளில் அவருக்கு மிச்சமாவது 5,000 டாலர். அதை நாற்பது ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 125 டாலர். முதல் ஆண்டில் இரண்டு சந்தர்ப்பத்திலும் அரசு கொடுத்தது அதே 200 டாலர்தான். ஒன்றில் செலவு 5 டாலர் கூடுகிறது, மற்றதில் 125 டாலர். அவர் பையில் விழுந்த தொகை ஒன்றே. அடுத்த ஆண்டும் வருமா என்ற நம்பிக்கைதான் வேறு. நிரந்தர வரிக்குறைப்பிலும் முழு 200 டாலர் செலவாவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் ஓய்வுக்காலத்துக்கு அவர் ஒரு பங்கை ஒதுக்குகிறார்.

அரசுக்கு இது தெரியாமல் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. கென்னடி முன்மொழிந்து, அவர் கொல்லப்பட்ட பிறகு லிண்டன் ஜான்சன் 1964 பிப்ரவரியில் கையெழுத்திட்ட வரிக்குறைப்பு நன்றாகவே வேலை செய்தது. உச்ச வரி விகிதம் 91 சதவீதத்திலிருந்து 70-க்கு இறங்கியது. கீழ்த்தட்டு விகிதம் 20-லிருந்து 14-க்கு வந்தது. மக்களின் செலவு கூடியது, பொருளாதாரம் வேகம் பிடித்தது. வரியை ஏற்றி இறக்கியே நாட்டின் செலவைக் கட்டுப்படுத்திவிடலாம் என்ற தெம்பு பொருளாதார ஆலோசகர்களுக்கு வந்தது. அது நிரந்தரக் குறைப்பு என்பதால்தான் பலித்தது என்ற முக்கியமான விவரத்துக்கு அப்போது உரிய கவனம் கிடைக்கவில்லை.

நான்கு ஆண்டு கழித்து எதிர்த்திசையில் சோதனை வந்தது. வியட்நாம் போர்ச் செலவால் விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. மக்களின் செலவைக் குறைக்க, கட்டுகிற வருமான வரியின் மேல் 10 சதவீதம் கூடுதல் வரியை ஜான்சன் 1968 ஜூனில் போட்டார். அடுத்த ஆண்டு ஜூனில் முடிந்துவிடும் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. மக்கள் தங்கள் செலவைச் சுருக்கிக்கொள்ளவில்லை. சேமிப்பில் கைவைத்து வரியைக் கட்டினார்கள். விலைவாசி ஏற்றமும் நிற்கவில்லை. ஓராண்டில் போய்விடும் என்று அரசே சொன்ன ஒரு சுமைக்காக யார் வீட்டுச் செலவை மாற்றப்போகிறார்கள்? 1968-இல் சேமிப்பு இறங்கியதும் 1975-இல் சேமிப்பு ஏறியதும் ஒரே காரணத்தால் நடந்தவை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் கோட்பாட்டுக்கு மிக வலுவான சான்று என்று நினைக்கிறேன். மக்கள் பணத்தைப் பதுக்கும் குணம் உள்ளவர்கள் என்று ஒற்றை நிகழ்வை வைத்துச் சொல்லிவிடலாம். இரண்டு திசையிலும் செலவு அசையாமல் சேமிப்பு மட்டும் அசைந்ததற்கு அந்த விளக்கம் போதாது.

ஆனாலும் ஆண்டுக்கு 5 டாலர் என்ற கணக்கு நிஜத்தில் அப்படியே நடப்பதில்லை. பொருளாதார அறிஞர் ஆலன் பிளைண்டர் 1981-இல் இந்தச் சம்பவங்களை அலசிப் பார்த்தார். நிரந்தர வரிமாற்றம் ஓராண்டில் ஏற்படுத்தும் விளைவோடு ஒப்பிட்டால், தற்காலிக வரிமாற்றம் பாதிக்குச் சற்று மேலேயும், ஒரே தடவை தரும் தள்ளுபடி சுமார் 38 சதவீதமும் விளைவைத் தருகின்றன என்பது அவர் மதிப்பீடு. நிரந்தரக் குறைப்பைவிட இது நன்றாகக் குறைவு. கோட்பாட்டின் 5 டாலரைவிட நன்றாக அதிகம்.

இந்த இடைவெளிக்கு முதல் காரணம் கையில் காசில்லாதவர்கள். வாழ்நாள் வருமானத்தைச் சமமாகப் பிரித்துச் செலவழிக்க வேண்டுமென்றால், தேவையானபோது சேமிப்பில் எடுக்கவோ கடன் வாங்கவோ முடிய வேண்டும். மாதக் கடைசியில் வீட்டு வாடகைக்கே திண்டாடுகிற, வங்கி கடன் தர மறுக்கிற குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் செலவு ஏற்கெனவே அவர்கள் விரும்பும் அளவுக்குக் கீழே அமுங்கிக் கிடக்கிறது. 200 டாலர் வந்தால் பல்வலிக்கு மருத்துவம், பிள்ளைக்குச் செருப்பு, கிழிந்த டயருக்கு மாற்று என்று உடனே போய்விடும். அவர்கள் முன்யோசனை இல்லாமல் செலவழிப்பதாக நினைப்பது தவறு. நாளைக்கு ஒதுக்குவதைவிட இன்றைய பற்றாக்குறையை அடைப்பது அவர்களுக்கு முக்கியம். தற்காலிகத் தள்ளுபடி வேலை செய்ய வேண்டுமானால் அது இவர்களிடம் போக வேண்டும். கட்டிய வரியில் பங்கு என்று கணக்கிட்டால், வரி கட்டும் அளவுக்குக்கூட வருமானம் இல்லாதவர்கள் முதலிலேயே விடுபட்டுப் போகிறார்கள்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. ஒருவர் அந்தக் காசோலையை வைத்து ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினால் கடைக்காரருக்கு வியாபாரம் நடந்துவிட்டது. ஆனால் கோட்பாட்டின் பார்வையில் ஃபிரிட்ஜ் என்பது ஒருவகைச் சேமிப்பு. பதினைந்து ஆண்டுகளுக்குச் சிறிது சிறிதாகப் பயன் தரப்போகிற சொத்து. இந்த ஆண்டு அவர் நுகர்ந்தது அதில் பதினைந்தில் ஒரு பங்கு மட்டும். ஆக, மக்கள் கோட்பாடு சொல்கிறபடியே நடந்துகொண்டாலும், சேமிக்கிற பணம் வங்கிக்குப் பதில் சாமான்களாக மாறினால் தொழிற்சாலைக்கு வேலை கிடைக்கிறது.

2008-இல் இது தெளிவாகத் தெரிந்தது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அரசு ஆளுக்கு 600 டாலர் வரை, தம்பதிக்கு 1,200 டாலர் வரை அனுப்பியது. எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்ப முடியாது என்பதால், சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை வைத்து வரிசை அமைத்தார்கள். அந்த எண்களுக்கும் ஒருவருடைய வசதிக்கும் சம்பந்தமே இல்லை. ஆராய்ச்சியாளர்களுக்கு இது அதிர்ஷ்டம்: முந்திப் பணம் வந்தவரையும் பிந்தி வந்தவரையும் ஒப்பிட்டாலே பணத்தின் விளைவு தனியாகத் தெரிந்துவிடும். ஜொனாதன் பார்க்கரும் உடன் ஆய்வு செய்தவர்களும் இப்படிப் பார்த்தபோது, முதல் மூன்று மாதங்களில் தொகையில் 12 முதல் 30 சதவீதம் உணவு, எரிபொருள் போன்ற அன்றாடப் பொருள்களுக்குச் செலவானது தெரிந்தது. கார் முதலிய நீடித்த பொருள்களையும் சேர்த்தால் அது 50 முதல் 90 சதவீதமாக உயர்ந்தது. அதேவேளை ஸ்டான்ஃபோர்டின் ஜான் டெய்லர் நாட்டின் மொத்தக் கணக்கை எடுத்துக் காட்டினார்: அந்த மாதங்களில் வருமானக் கோடு குன்றுபோல் எழும்புகிறது, செலவுக் கோட்டிலோ அதற்கு ஈடான மேடு இல்லை. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. அன்றாட நுகர்வைப் பொறுத்தவரை ஃபிரீட்மனும் மோடிக்லியானியும் அவ்வளவாகத் தவறவில்லை என்பதுதான் நான் புரிந்துகொண்டது.

தற்காலிகச் சலுகையை வருமான வரியில் தராமல் பொருளின் விலையில் தந்தால் நிலைமை தலைகீழாகிறது. பிரிட்டன் 2008 டிசம்பர் முதல் பதின்மூன்று மாதங்களுக்கு மதிப்புக்கூட்டு வரியை 17.5 சதவீதத்திலிருந்து 15-ஆகக் குறைத்தது. வருமான வரித் தள்ளுபடியில் பலவீனமாக இருந்த ‘தற்காலிகம்’ இங்கே பலமாகிறது. சலுகை முடிவதற்குள் வாங்கினால் லாபம் என்பதால், அடுத்த ஆண்டு வாங்க நினைத்ததை மக்கள் இந்த ஆண்டே வாங்கக் காரணம் கிடைக்கிறது.

2020 அக்டோபரில் கொரோனா முடக்கத்துக்குப் பிறகு நம் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு அறிவித்த விடுமுறைப் பயணச் சலுகை வவுச்சர் திட்டத்தில் இதே சிந்தனையைக் காணலாம். பணத்தை வாங்கிச் சேமிப்புக் கணக்கில் போட வழியில்லை. 12 சதவீதமோ அதற்கு மேலோ ஜிஎஸ்டி உள்ள பொருளையோ சேவையையோ, 2021 மார்ச் 31-க்குள், டிஜிட்டல் முறையில் பணம் செலுத்தி வாங்க வேண்டும். பயணக் கட்டணத் தொகையைப் போல மூன்று மடங்கு செலவு காட்ட வேண்டும். தற்காலிகப் பணம் சேமிப்புக்கு நழுவிவிடாதபடி கட்டிய வேலி இது. ஆனால் எப்படியும் அந்தக் குளிர்காலத்தில் வாஷிங் மெஷின் வாங்கவிருந்த ஊழியர், அதே ரசீதைக் காட்டிச் சலுகையை வாங்கிக்கொண்டு, வாஷிங் மெஷினுக்கென்று எடுத்து வைத்திருந்த தன் சொந்தப் பணத்தை வங்கியிலேயே விட்டுவிடலாம். அந்தப் பணத்துக்கு எந்த வேலியும் இல்லை.